இருநூற்று முப்பத்தொரு கட்டங்களும் ஒரு மின்னஞ்சலும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய எங்கள் ஊர்களில், விடிகாலையில் முதலில் நகரும் பொருள் பால். கேரள, தமிழக எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியின் இரு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள்தாம் பெரும்பாலும் இருக்கிறோம். ஆனால் பால் சொசைட்டியின் கணக்குகளும் அறிவிப்புகளும் மலையாளத்தில் வரும், பேச்சு தமிழில் நடக்கும். நான் நடத்தும் சிறிய வடிவமைப்பு அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட ஒரு சொசைட்டி, தன் பொதுக்குழுக் கூட்டத்துக்கான ஸ்லைடுகளைச் செய்துதரும் வேலையைக் கொடுத்திருந்தது. அதில் ஒரு ஸ்லைடைப் பற்றியும், அதைச் செய்த தம்பிக்கு நான் எழுதிய மின்னஞ்சலைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். அந்த மின்னஞ்சலை எழுத எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது.

தம்பி எங்களிடம் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட ஸ்லைடின் வேலை, உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது: "ஒரே நாள், ஒரே சொசைட்டி, அவர் பாலுக்கு ஒரு விலை, என் பாலுக்கு வேறு விலை, ஏன்?" பாலின் விலை இரண்டு அளவுகளால் முடிவாகிறது. ஒன்று கொழுப்பு, மற்றொன்று கொழுப்பு நீங்கலான திடப்பொருள், அதாவது எல்லோரும் எஸ்.என்.எஃப். என்று சொல்வது. பால் ஊற்றியவுடன் இயந்திரம் இரண்டையும் அளந்து சீட்டில் அச்சிடும். விலை அட்டவணையில் கொழுப்புக்கு உரிய வரிசையும் எஸ்.என்.எஃப்.-க்கு உரிய நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் அன்றைய விலை இருக்கும்.

தம்பி அனுப்பிய ஸ்லைடில் அந்த அட்டவணை முழுவதும் இருந்தது. கொழுப்பு 3.0 முதல் 5.0 வரை பத்தில் ஒன்றாக ஏறி 21 வரிசைகள், எஸ்.என்.எஃப். 8.0 முதல் 9.0 வரை 11 நெடுவரிசைகள்; ஆக 231 கட்டங்கள். அதற்கு மேலே தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு தலைப்புகள், கீழே இரு மொழிகளிலும் மூன்று மூன்று குறிப்புகள், மூலையில் சொசைட்டியின் சின்னம், மற்றொரு மூலையில் "புதிய விலை" என்று எழுதிய சிவப்பு நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் பின்னால், மங்கலாக்கப்பட்ட ஒரு பசுவின் படம்.

பார்த்தவுடன் நான் எழுதிய முதல் மடலில் பதின்மூன்று குறிப்புகள் இருந்தன. எழுத்து சிறியது, நட்சத்திரம் வேண்டாம், படம் எழுத்தைக் கெடுக்கிறது, தமிழ் வரிகளின் இடைவெளியைக் குறைத்ததால் மேல்வரியின் உகரக் கொக்கிகள் கீழ்வரியின் இகரச் சுழிகளோடு முட்டுகின்றன, மலையாள எழுத்துரு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் உண்மை. ஆயினும் அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்தபோது, அந்த மடலும் அவருடைய ஸ்லைடைப் போலவே எதையும் விடாமல் சொல்லி, எது முதன்மையானது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தது தெரிந்தது. பதின்மூன்றையும் ஒருவர் ஒழுங்காகச் செய்து முடித்தாலும், கடைசியில் கிடைப்பது சுத்தமான எழுத்துருவில் அமைந்த அதே 231 கட்டங்கள்தாம். நெரிசலின் காரணம் எழுத்துருவிலோ நட்சத்திரத்திலோ இல்லை. இந்த ஸ்லைடு கூட்டத்தில் பேசத் துணைநிற்பதா, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதற்கான தாளா என்ற முடிவை யாரும் எடுக்காமல் விட்டதில் இருந்தது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் மடலை மூடிவிட்டு, ஸ்லைடை மறுபடியும் நிதானமாகப் பார்த்தேன். அப்போதுதான் முதலில் தவறவிட்ட ஒன்று கண்ணில் பட்டது. கொழுப்பு 3.7 முதல் 4.2 வரையும் எஸ்.என்.எஃப். 8.3 முதல் 8.6 வரையும் உள்ள 24 கட்டங்களுக்கு மட்டும் மிக வெளிறிய மஞ்சள் பூசியிருந்தார். பின்னணிப் படத்தின் நிறத்தில் அது ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. யாரும் சொல்லாமல், சொசைட்டியின் சீட்டுக் கட்டுகளைப் புரட்டி, பெரும்பாலானோரின் பால் விழும் பகுதி எது என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்த ஸ்லைடுக்கான விடை அவர் கையிலேயே இருந்தது. அதை நம்பி மற்றதை நீக்கும் துணிவு மட்டும் அவருக்கு வரவில்லை.

ஒருவரின் வேலையைத் திருத்தும் மடலில் முதலில் ஒரு பாராட்டு இருக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதினேன்: "நிறத் தேர்வு அருமை, ஆனால்…" என்று தொடங்கும் மடல்கள். படிக்கிறவர் அந்த "ஆனால்" எங்கே வருகிறது என்றுதான் தேடுவார். அதற்கு முன்னால் உள்ளது மருந்துக்கு முன் வாயில் இடும் சர்க்கரை என்பது அவருக்குத் தெரியும். அந்த மஞ்சள் கட்டங்களைப் பார்த்த பிறகு எனக்கு வேறொன்று புரிந்தது. பாராட்டும் திருத்தமும் இரண்டு தனித்தனிப் பகுதிகளாக இருக்க வேண்டியதில்லை. வேலையில் உண்மையாகவே நன்றாக இருப்பது எதுவோ, அங்கிருந்தே புதிய வடிவம் முளைக்க வேண்டும். அப்போது அதைச் சொல்வது ஆறுதலாக இராமல் செய்முறையாக ஆகிவிடுகிறது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் பாராட்டை எழுதாமல் விடுவதே நல்லது என்பது என் முடிவு.

அடுத்து, "படிக்க முடியவில்லை" என்பதை என் ரசனையாகச் சொல்லாமல், அவரே சரிபார்க்கக்கூடிய ஒன்றாக மாற்ற விரும்பினேன். கூட்டம் நடக்கவிருந்த மண்டபத்தின் திரை 8 அடி அகலம், 4½ அடி உயரம், அதாவது 54 அங்குலம். கடைசி வரிசை நாற்காலிகள் ஏறத்தாழ 50 அடி தூரத்தில். அகலத் திரைக்கான வழக்கமான ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், எழுத்தின் அளவைச் சொல்லும் புள்ளிக் கணக்கில் 540. அப்படியானால் ஸ்லைடில் 10 புள்ளி என்பது இந்தத் திரையில் ஓர் அங்குலம். தம்பி அட்டவணைக்கு வைத்திருந்த அளவு 9 புள்ளி. எழுத்துருவின் அளவில் ஓர் எண்ணின் உண்மையான உயரம் பத்தில் ஏழு பங்கு அளவுக்கே வரும் என்பதால், திரையில் ஒவ்வோர் எண்ணும் 0.63 அங்குல உயரம் இருக்கும். கண் மருத்துவரின் பலகையில் குறையற்ற பார்வைக்கு அடையாளமான 6/6 வரியின் எழுத்து, கண்ணில் 5 கலை, அதாவது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அளவுள்ள கோணத்தை அடைக்கும்படி அமைந்தது. 50 அடியில் அந்தக் கோணத்துக்கு உரிய உயரம் 0.87 அங்குலம். ஆக, குறையே இல்லாத கண்ணுள்ளவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும், கண் பரிசோதனையில் படிக்க வேண்டிய எழுத்தைவிடச் சிறிய எழுத்தைத்தான் நாம் அவருக்குக் காட்டப்போகிறோம். எங்கள் உறுப்பினர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இந்தக் கணக்கை அப்படியே மடலில் எழுதினால் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும். அதே கணக்கிலிருந்து ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடைசி வரிசை, திரையின் உயரத்தைப்போல் பதினோரு மடங்கு தூரத்தில் இருக்கிறது. மடிக்கணினியில் ஸ்லைடு 7 அங்குல உயரத்தில் தெரிந்தால், அதைப்போல் பதினோரு மடங்கு, ஏறக்குறைய ஆறரை அடி தள்ளி நின்று பார்த்தால் போதும். கடைசி நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிவது அங்கேயே தெரிந்துவிடும். மண்டபத்துச் சன்னல் வெளிச்சத்தில் புரொஜெக்டரின் நிறம் மேலும் வெளுக்கும் என்பதை இந்தச் சோதனை காட்டாது. ஆனால் ஆறரை அடியிலேயே படிக்க முடியாதது மண்டபத்தில் நிச்சயமாகப் படிக்க முடியாது.

நான் இறுதியில் அனுப்பிய மின்னஞ்சல் இது.

பொருள்: விலை ஸ்லைடு – ஒரு பெரிய மாற்றம், புதன் மாலைக்குள்

அன்புள்ள தம்பிக்கு,

விலை அட்டவணை ஸ்லைடைப் பார்த்தேன். அதில் 24 கட்டங்களுக்கு நீங்கள் மஞ்சள் பூசியிருப்பதைக் கவனித்தேன். நம் உறுப்பினர்களின் பால் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது என்று சீட்டுகளைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இந்த ஸ்லைடுக்கு வேண்டியது அதுதான். அதை மையமாக வைத்து மறுபடியும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இப்போதுள்ள வடிவத்தில் அந்த மஞ்சள் தெரியவில்லை. நான் பார்த்தபோது என் கண் முதலில் சிவப்பு நட்சத்திரத்துக்கும், பிறகு பசுவின் படத்துக்கும் போனது. அட்டவணையில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். மடிக்கணினியிலிருந்து ஆறரை அடி தள்ளி நின்றும் பார்த்தேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது அந்த அளவுதான். ஓர் எண்ணைக்கூடப் படிக்க முடியவில்லை. நீங்களும் ஒருமுறை நின்று பாருங்கள்.

முழு அட்டவணையையும் போடச் சொன்னவர் செயலாளர் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கிய நானும் உங்களுக்கு விளக்காமல் அனுப்பிவிட்டேன். அது என் பிழை. முழு அட்டவணையைத் தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று செயலாளரிடம் நானே இன்று பேசிவிடுகிறேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு சீட்டில் உள்ள இரண்டு எண்களிலிருந்து ஒரு விலை எப்படி வருகிறது என்பது மட்டும் இந்த ஸ்லைடில் இருக்கட்டும். எந்த எழுத்தும் 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். அந்த அளவில் இடம் போதாத எதுவும் தாளுக்குப் போகட்டும். எத்தனை கட்டங்களை வைப்பது, எப்படிக் காட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தலைப்பு தமிழில் மட்டும் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் உங்கள் கருத்து வேறாக இருந்தால் சொல்லுங்கள்.

புதன் மாலைக்குள் வரைவு ஒன்று கிடைத்தால் போதும். பென்சிலில் வரைந்து படம் எடுத்து அனுப்பினாலும் சரி. நடுவில் எங்கேனும் நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா

இதில் நான் எழுதாமல் விட்டவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துரு, வரி இடைவெளி, சின்னத்தின் அளவு ஆகிய எதையும் சொல்லவில்லை. அமைப்பு மாறும்போது அவற்றில் பாதி தானாகவே மறைந்துவிடும். மீதியை அடுத்த சுற்றில் பார்க்கலாம். "இன்னும் கொஞ்சம் சுத்தமாகச் செய்யுங்கள்" என்ற வழக்கமான வரியையும் எழுதவில்லை. அந்த வரி மென்மையாகத் தோன்றும். உண்மையில் அதைவிடக் கொடியது இல்லை. எதைச் செய்தால் சுத்தமாகும் என்பது தெரிந்திருந்தால் அவர் முதலிலேயே செய்திருப்பார். அது தெரியாதவர், எழுத்தை இன்னும் ஒரு புள்ளி குறைத்து, ஓரங்களில் வெள்ளை இடம் விட்டு, அதையே சுத்தம் என்று நம்பி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

நானே ஸ்லைடைத் திருத்தி இணைத்து அனுப்பவும் இல்லை. அதற்கு இருபது நிமிடம்கூட ஆகியிராது. மடலுக்கு ஆன நேரம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் திருத்திய வடிவம் கையில் வந்தால், அவர் அதைப் பார்த்துப் படியெடுப்பாரே தவிர, மஞ்சள் கட்டங்களின் மதிப்பை அறிய மாட்டார். அவர் செய்ய வேண்டியதைச் சொல்லும் பத்தியில் எல்லையை மட்டும் வைத்து, உள்ளே இருப்பதை அவரிடம் விட்டது அதனால்தான். "24 புள்ளி" என்பது வெறும் விதி அல்ல. அந்தத் திரையில் 24 புள்ளி எழுத்தின் எண் 1.68 அங்குல உயரம் வரும், 50 அடியில் அது பார்வை எல்லையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மண்டபம் சிறியதாக இருந்திருந்தால் நான் வேறு எண்ணைச் சொல்லியிருப்பேன்.

மடலை அவருக்கு மட்டுமே அனுப்பினேன். நகல் யாருக்கும் வைக்கவில்லை. செயலாளரிடம் பேசும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டதும் தாராள மனத்தால் அல்ல. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்ததற்காகத் திருத்தப்படும் இளையவர், அடுத்த முறை இரண்டு பக்கமும் அஞ்சுவார்; அச்சம் மிகுந்தால் ஸ்லைடில் இன்னும் அதிகமாகத்தான் சேர்ப்பார். எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தால்தான் இந்த நெரிசலே வந்தது. "நீங்கள்" என்று எழுதியதைப் பற்றி வேறு மாவட்டத்து நண்பர் ஒருவர் வியந்து கேட்டார். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளையும் "வாங்க, போங்க" என்றுதான் அழைப்போம், கொங்குப் பேச்சின் பழக்கம் அது. திருத்தும் மடலில் மட்டும் "நீ" என்று இறங்கினால், அந்த ஓர் எழுத்தே மற்ற எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்கும்.

காலை முடியும் நேரத்தில் அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது. ஆறரை அடி தள்ளி நின்று பார்த்ததாகவும், மஞ்சள் கட்டங்களை யாராவது கவனிப்பார்கள் என்று தாம் நினைக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு மறுப்பு: தலைப்பைத் தமிழில் மட்டும் வைக்கக் கூடாது, அக்கா, மலையாளம் மட்டுமே படித்த உறுப்பினர்கள் குறைவுதான் என்றாலும், அவர்கள் நம் கூட்டத்தில் தங்களுக்கு இடமில்லை என்று நினைப்பார்கள், இதுவரை மலையாள அறிவிப்பு மட்டும் வந்தபோது நமக்கு அப்படித்தானே இருந்தது? அவர் சொன்னது சரி. நான் இடத்தை மட்டும் கணக்கிட்டேன். அவர் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கணக்கிட்டார். தலைப்பு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இரு மொழியும் இருக்கட்டும், எண்கள் இருவருக்கும் பொது, மற்றதைப் பேசுகிறவர் வாயால் சொல்லட்டும் என்று முடிவானது. இரண்டு எழுத்துகளுக்கும் நிர்மலா எழுத்துருவையே அவர் எடுத்துக்கொண்டார். தமிழும் மலையாளமும் ஒரே குடும்பத்தில் இருந்ததால் அருகருகே தடுமாறாமல் நின்றன. அதை நான் சொல்லவே இல்லை.

செவ்வாய்க்கிழமையே வந்த அடுத்த வடிவத்தில் எதிர்ப்பக்கத்துப் பிழை இருந்தது. வெள்ளைத் திரையின் நடுவில் ஒரே ஒரு விலை, பெரிய எண்ணில். அதற்கு மேல் கொழுப்பு 4.0, எஸ்.என்.எஃப். 8.4 என்று மட்டும். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. அவர் பாலுக்கு ஒரு விலை, என் பாலுக்கு வேறு விலை ஏன் என்பதைக் காட்ட, குறைந்தது இரண்டு விலைகளாவது அருகருகே வேண்டும். நெரிசலைப் பற்றித் திருத்தம் பெற்றவர்கள் அடுத்த முறை வெறுமைக்குப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பிடிவாதம் அல்ல, சொன்னதை முழுமையாகக் கேட்டதன் அடையாளம். இதற்கு நீண்ட மடல் தேவைப்படவில்லை. "ஆறரை அடியில் எல்லாம் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பாலுக்கு ஏன் வேறு விலை என்று கேட்டால் இந்த ஸ்லைடில் எங்கே காட்டுவீர்கள்?" என்று இரண்டே வரி எழுதினேன்.

மறுநாள் வந்ததில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. கொழுப்பு 3.9, 4.0, 4.1, எஸ்.என்.எஃப். 8.3, 8.4, 8.5. நடுக்கட்டம் அடர்மஞ்சள், அதிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி, கொழுப்பு கூடினால் விலை எங்கே போகிறது என்று, வலப்பக்கம் ஓர் அம்புக்குறி, எஸ்.என்.எஃப். கூடினால் எங்கே என்று. விலைகள் 40 புள்ளியில். பசு இல்லை, நட்சத்திரம் இல்லை. சின்னம் சிறியதாக ஒரு மூலையில். பதின்மூன்று குறிப்புகளில் நான் எழுதாமல் விட்டவற்றுள் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது: தமிழ்த் தலைப்பின் இரண்டு வரிகள் இன்னும் முட்டிக்கொண்டிருந்தன. அதைத் தொலைபேசியில் சொன்னேன்.

செயலாளர் எளிதில் இணங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையோ மறைக்கிறோம் என்று உறுப்பினர்கள் சந்தேகப்படுவார்கள் என்பது அவருடைய கவலை. அதில் நியாயம் இருந்தது. கூட்டம் தொடங்கும் முன்பே முழு அட்டவணை அச்சிட்ட தாளை ஒவ்வொரு நாற்காலியிலும் வைப்பது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். அந்தத் தாளையும் தம்பியே வடிவமைத்தார். கையில் பிடித்துப் படிக்கும் தாளில் அந்த 231 கட்டங்களும் தாராளமாக அமர்ந்தன; முதல் ஸ்லைடில் தசமப் புள்ளிகளை நேராக நிறுத்தி எண்களை அடுக்கியிருந்த அவருடைய உழைப்பு அங்கே அப்படியே பயன்பட்டது.

கூட்டத்தன்று நானும் தம்பியும் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு நின்றிருந்தோம். ஒன்பது கட்டங்கள் திரையில் வந்து செயலாளர் பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில், எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, "எனக்கு மூணு புள்ளி எட்டுத்தானுங்க வருது, அது அந்தக் கட்டத்துல இல்லீங்களே?" என்று கேட்டார். செயலாளர் தாளைப் பார்க்கச் சொன்னார். பாட்டி தாளை முகத்தருகே கொண்டுபோய், 3.8 வரிசையில் விரலை வைத்து, அம்புக்குறி போன திசையிலேயே வலப்பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். தம்பி என்னைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.